நாவலுக்கு மூணு எடிட்டிங்: எது எப்போ?

செமஸ்டர் லீவுல உட்கார்ந்து ஒரு நாவலை முடிச்சிட்டீங்கன்னு வெச்சுக்குவோம். அடுத்து என்ன பண்ணுவீங்க? தமிழ் நல்லா தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கொடுத்து, "கொஞ்சம் எடிட் பண்ணிக் கொடுங்க" என்பீர்கள். அவரும் சந்திப்பிழை எல்லாம் திருத்தித் தருவார். நீங்க கேட்டது ஒண்ணு, கிடைச்சது வேற ஒண்ணு. பிரச்சினை என்னன்னா, நம்ம ஊர்ல மூணு தனித்தனி வேலைக்கும் சேர்த்து 'எடிட்டிங்'னு ஒரே பேர்தான் புழங்குது.

முதல் வேலை டெவலப்மென்டல் எடிட்டிங். இங்கே எடிட்டர் பார்ப்பது கதையை மட்டும்தான். இது யாருடைய கதை, எங்கே தொடங்கணும், எந்தப் பாத்திரம் தேவையில்லை, நடுவுல ஏன் தொய்யுது என்பதெல்லாம் அவர் கேட்கிற கேள்விகள். இதுக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் உதாரணம் ஹார்ப்பர் லீ.

1957-ல் அவருடைய கைப்பிரதி அமெரிக்காவின் லிப்பின்காட் பதிப்பகத்துக்கு வந்தது. பேர் 'கோ செட் எ வாட்ச்மேன்'. நியூயார்க்கில் வாழும் 26 வயசு ஜீன் லூயிஸ் சொந்த ஊருக்குத் திரும்பி வருகிறாள். அங்கே அப்பாவின் இன்னொரு முகத்தைப் பார்த்து உடைந்து போகிறாள். அதை எடுத்துக்கொண்ட எடிட்டர் டே ஹோஹாஃப். எழுத்து அவருக்குப் பிடிச்சிருந்தது, ஆனா அது நாவலாகத் திரளாமல் துண்டு துண்டுச் சம்பவங்களாகவே கிடந்தது. அதில் உயிரோட இருந்தது ஜீன் லூயிஸின் சின்ன வயசு நினைவுகள்தான். அந்தக் குழந்தையின் பார்வையிலேயே முழுக் கதையையும் எழுதச் சொன்னார்.

இப்போ இதோட விளைவைப் பாருங்க. காலம் 1950-களில் இருந்து 1930-களுக்குப் போனது. ஜீன் லூயிஸ், ஸ்கவுட் என்ற சிறுமியானாள். பழைய பிரதியில் ஒரு வழக்கு சில வரிகளில் வந்து போகும். அதில் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பின இளைஞன் விடுதலையாகிவிடுவான். புதுப் பிரதியில் அந்த வழக்கே நாவலின் முதுகெலும்பு, தீர்ப்பும் தலைகீழ். இதுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. நடுவுல ஒருநாள் லீ வெறுத்துப்போய்க் காகிதங்களை ஜன்னல் வழியா பனியில் வீசிட்டார், ஹோஹாஃப் போன்லயே அதட்டிப் பொறுக்க வெச்சார்னு ஒரு கதை உண்டு. 1960-ல் அது 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' என்று வெளிவந்தது. பழைய பிரதி 2015-ல் தனிப் புத்தகமாகவும் வந்ததால், ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் படிக்க முடியும். ஊரைப் பற்றிய சில வர்ணனைகள் ரெண்டிலும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். வாக்கியம் தப்பிச்சது, கதை மாறியது.

கவனிங்க, எழுதினது லீ. ஹோஹாஃப் எழுதித் தரவில்லை. அதனால டெவலப்மென்டல் எடிட்டர்கிட்ட இருந்து திருத்திய ஃபைலை எதிர்பார்க்காதீங்க. வரப்போவது சில பக்கக் கடிதம், கூடவே அத்தியாயம் வாரியாகக் குறிப்புகள். "மூணாவது அத்தியாயம் நல்லா இல்ல" என்று மட்டும் இருந்தா அது குறிப்பே இல்லை. "அண்ணன் இறந்த செய்தி மூணாவது அத்தியாயத்திலேயே தெரிஞ்சிடுது, அதுக்கப்புறம் ஏழு வரைக்கும் வாசகன் எதுக்காகக் காத்திருக்கணும்?" என்பதுதான் குறிப்பு. அவர் சொல்லும் தீர்வு தப்பாகக்கூட இருக்கலாம், ஆனா அவர் தொய்வுன்னு காட்டின இடம் பெரும்பாலும் தொய்வுதான்.

கதை நிலைச்ச பிறகு லைன் எடிட்டிங். இது வாக்கியத்தோட மல்லுக்கட்டுற வேலை. நானே ஒரு பத்தி செஞ்சு காட்டுறேன்:

"மழை பெய்துகொண்டிருந்தது. அந்த மழையில் நனைந்தபடியே கதிர் மிகவும் சோகமாக ஹாஸ்டலை நோக்கி மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தான். அவனுக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. அவன் மனதில் இனம்புரியாத ஒரு வேதனை ஏற்பட்டது."

இலக்கணப் பிழை ஒண்ணுகூட இல்லை. லைன் எடிட்டர் கை வெச்சதும் இப்படி ஆகும்:

"மழையில் நனைந்தபடி கதிர் ஹாஸ்டலுக்கு நடந்தான். அம்மா ஞாபகம் வந்தது."

கடைசி வாக்கியத்தை அடிச்சிட்டு ஓரத்தில் ஒரு கேள்வி போடுவார்: "என்ன வேதனை? அம்மாவின் எந்த ஞாபகம்?" பதிலை அவரே கற்பனை பண்ணி எழுதிட்டா, அது எல்லை மீறல். நீங்கதான் யோசிச்சு, "இந்நேரம் துண்டோடு வாசலில் நின்றிருப்பாள்" என்று ஒரு வரி எழுதணும். நாலு வாக்கியம் மூணாச்சு, கதிருக்கு ஒரு அம்மாவும் கிடைச்சாச்சு.

எதிர்பார்க்க வேண்டியது, ஒவ்வொரு மாற்றமும் தெரியுற மாதிரி ட்ராக் சேஞ்சஸ் போட்ட ஃபைல். எல்லாத்தையும் ஏத்துக்கணும்னு இல்லை. "இருக்கட்டும்"னு சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. முழு நாவலையும் கொடுக்கும் முன்னாடி அஞ்சு பக்கம் கொடுத்துப் பாருங்க. உங்க திருநெல்வேலிப் பாத்திரம் சொன்ன "என்னலே" திரும்பி வரும்போது "என்னடா" ஆகியிருந்தா, இல்ல எல்லாரும் ஒரே மாதிரி பேச ஆரம்பிச்சிருந்தா, ஆளை மாத்திடுங்க.

இதுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல காப்பி எடிட்டிங்னு ஒண்ணு இருக்கு. ஒரு இடத்தில் 'ஹாஸ்டல்', இன்னொரு இடத்தில் 'விடுதி', பத்தாம் பக்கத்தில் கதிருக்குத் தங்கை, நூறாம் பக்கத்தில் அக்கா என்பதையெல்லாம் பிடிக்கிற வேலை. தமிழில் பெரும்பாலும் லைன் எடிட்டரே இதையும் பார்த்துடுவார்.

கடைசியா புரூஃப் ரீடிங், அதாவது மெய்ப்பு பார்த்தல். இது வேர்ட் ஃபைலில் நடக்கிற வேலை இல்லை. லேஅவுட் முடிஞ்சு, புத்தகம் எப்படி அச்சாகுமோ அந்தப் பக்கத்தைப் பார்க்கிறது. பழைய எழுத்துருவில் இருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிஞ்சு நிற்கும். வரி முடிவில் 'கதி' வரைக்கும் நின்னு, அடுத்த வரி 'ர்'-ல் தொடங்கும். ஒரு வரி ரெண்டு தரம் வந்திருக்கும். அப்புறம் ஒற்று. "வேலை கொடு" என்றால் பணி கொடு. "வேலைக் கொடு" என்றால் முருகனோட வேலைக் கையில் கொடு. ரெண்டுமே சரியான தமிழ் என்பதால் எந்த ஸ்பெல் செக்கரும் வாயைத் திறக்காது. "பள்ளியைக் கண்டு பயந்தான்" என்று வந்தா அவன் பயந்தது ஸ்கூலுக்கா, சுவரில் இருக்கும் பல்லிக்கா என்று மனுஷன் படிச்சாத்தான் தெரியும்.

இந்தக் கட்டத்தில் நீங்க செய்யக்கூடாதது, புதுசா எழுதுறது. 208 பக்க நாவல்னு வெச்சுக்கோங்க, ஆஃப்செட்டில் 16 பக்க ஃபாரம் கணக்குக்கு 13 ஃபாரம் சரியா உட்கார்ந்திருக்கு. 112-ஆம் பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்தா அதுக்கப்புறம் வரும் வரிகள் இறங்கிக்கிட்டே போகும், பொருளடக்க எண் தப்பாகும், கடைசிப் பக்கம் நிரம்பியிருந்தா 209-ஆவது பக்கத்துக்குன்னு தனியா தாள் சேர்க்கணும். பார்த்து முடிச்ச பக்கங்களையும் திரும்பப் பார்க்கணும்.

அதே காரணத்துக்காகத்தான் வரிசையும் மாறக்கூடாது. முதலிலேயே காசு கொடுத்துப் பிழை திருத்தி வெச்சு, அப்புறம் யாராவது "நாலாவது அத்தியாயமே வேண்டாம்" என்று சரியாகச் சொல்லிட்டா, அந்த அத்தியாயத்தின் ஒற்று எல்லாம் சுத்தமா இருந்து என்ன பிரயோஜனம்? கையில் காசு குறைவுன்னா, முதல் கட்டத்துக்கு நல்லா வாசிக்கிற மூணு பேரைப் பிடிங்க. "நல்லாருக்கா?"ன்னு கேட்காதீங்க, "எந்தப் பக்கத்தில் போனை எடுத்தீங்க?"ன்னு கேளுங்க. மூணு பேரும் ஒரே இடத்தைச் சொன்னா, அங்கேதான் வேலை இருக்கு. மெய்ப்பை மட்டும் உங்க கதையைப் படிச்சே பார்க்காத ஒருத்தரிடம் கொடுங்க. உங்க கண்ணும் அந்த மூணு பேர் கண்ணும் இருக்கிற எழுத்தை விட்டுட்டு, இருக்க வேண்டிய எழுத்தைத்தான் படிக்கும்.