ஒரு மில்லியன் விடுபட்டால் யுரேனியம் கரியாகிவிடும்

1938 கிறிஸ்துமஸ் விடுமுறை. ஸ்வீடனின் குங்கெல்வ் ஊரில், பனிக்கு நடுவே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து லீஸ மைட்னரும் அவருடைய அக்கா மகன் ஓட்டோ ஃபிரிஷும் துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார்கள். யுரேனியம் அணுக்கரு இரண்டாகப் பிளந்தால், நேர்மின்னூட்டம் கொண்ட துண்டுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பாயும். அந்த ஆற்றல் சுமார் 200 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்று வந்தது. பிளவில் குறையும் நிறையை மைட்னர் தனியாகக் கணக்கிட்டார். புரோட்டானின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு. அதை ஆற்றலாக்கினாலும் ஏறக்குறைய அதே 200. தொடர்பில்லாத இரு வழிகளும் ஒரே விடையில் வந்து நின்றன.

இன்று அட்டவணையை வைத்துக்கொண்டு யாரும் இதைப் போட்டுப் பார்க்கலாம். யுரேனியம்-235 ஒரு நியூட்ரானை விழுங்கி பேரியம்-141, கிரிப்டான்-92, மூன்று நியூட்ரான்கள் என்று உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பிருந்த நிறை 236.0526 அணு நிறை அலகு, பின்பு 235.8666. குறைவது 0.1860. ஓர் அலகு 931.5 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சமம் என்பதால் விடை 173. துண்டுகள் பிறகு கதிரியக்கத்தால் சிதையும்போது வருவதையும் சேர்த்தால் 200-ஐ நெருங்கும். ஒளிவேகத்தின் இருமடி அந்த 931.5-க்குள்ளேயே அடக்கம், அதனால் மறுபடியும் பெருக்கக் கூடாது. நிறைகளை முன்கூட்டியே முழு எண்ணாக்கினாலோ, இருபுறமும் 236 ஆகி ஆற்றலே காணாமல் போய்விடும். தசமங்களைக் கழித்தல் முடியும்வரை விடாமல் வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது ஜூல். ஓர் எலக்ட்ரான் வோல்ட் என்பது 1.6 × 10⁻¹⁹ ஜூல். 'மெகா' என்ற மில்லியனைச் சேர்த்தால் 1.6 × 10⁻¹³. ஒரு பிளவுக்கு 3.2 × 10⁻¹¹ ஜூல். ஒரு கிராம் யுரேனியம்-235-இல் சுமார் 2.56 × 10²¹ அணுக்கள் இருப்பதால், அத்தனையும் பிளந்தால் 8.2 × 10¹⁰ ஜூல் கிடைக்கும். ஒரு மெகாவாட் வெப்பத்தை ஒரு நாள் முழுக்கத் தருவதற்கு இதைவிடச் சற்றே அதிகம் போதும்.

விடை சரிதானா? கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் உலை ஒன்றைக் கொண்டு பார்க்கலாம். அதன் வெப்பத்திறன் சுமார் 3,000 மெகாவாட். யுரேனியம்-235 மட்டுமே பிளக்கிறது என்று கொண்டால், ஒரு நாளைக்குச் சுமார் 3.2 கிலோ பிளக்க வேண்டும். உலை மாதக்கணக்கில் எரிபொருள் மாற்றாமல் ஓடுவதோடு இது ஒத்துப்போகிறது.

மெகாவை மறந்தவருக்கு 3,200 டன் என்று வரும். நிலக்கரி அனல்மின் நிலையம்தான் நாளுக்கு ஆயிரக்கணக்கான டன் கேட்கும். கரி எரியும்போது ஒரு கார்பன் அணு தருவது நாலு எலக்ட்ரான் வோல்ட்தான். அணு உலைக் கணக்கில் சரக்கு ரயில் தேவைப்பட்டால், 10-இன் அடுக்கில் ஆறு எங்கே போனது என்று தேட வேண்டியதுதான்.