அலையும் அளவுகளிலிருந்து நீரின் வேகம்

திருகோணமலையின் கொட்டியாரக் குடாவும் தம்பலகாமக் குடாவும் கிண்ணியாவிலுள்ள ஒடுங்கிய வாயிலால் இணைந்துள்ளன. 2009 இல் பாலம் திறக்கப்படுமுன் மக்கள் பாதையில் ஏறிக் கடந்த நீர் அது. ஆற்றுநீரைத் தள்ளிவைத்தால், அவ்வாயிலால் உட்புகும் நீரின் அளவு, உட்குடாவின் பரப்பை நீர்மட்டம் உயரும் வேகத்தால் பெருக்கக் கிடைப்பது. ஆகவே நமக்கு வேண்டியது மட்டமன்று. மட்டம் மாறும் வேகம்.

இதனைக் கணிப்பது எளிதென்று தோன்றும். ஓர் உதாரணம் கொள்வோம். வற்றுப்பெருக்கு நடுமட்டத்திலிருந்து 25 சென்ரிமீற்றர் ஏறி இறங்குகிறது. ஒரு சுற்றுக்கு 12 மணி 25 நிமிடம். அதன் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 12.6 சென்ரிமீற்றர். ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை அளவுகோலை வாசிக்கிறோம். சிற்றலைகளால் ஒவ்வொரு வாசிப்பிலும் 1 சென்ரிமீற்றரளவு வழு நேர்கிறது. அடுத்தடுத்த இரு வாசிப்புகளைக் கழித்து வேகம் கண்டால், அவ்வேகத்தின் வழு மணிக்கு 14 சென்ரிமீற்றர். உண்மையிலும் வழுவே பெரிது!

எடின்பரோவில் கணிதப் பேராசிரியராயிருந்த விற்றேக்கர், இறப்பு அட்டவணைகளை ஒப்பமாக்குவதற்கு 1923 இல் ஒரு வழி வகுத்தார். அதை இங்கும் கையாளலாம். வாசிப்புகளினூடே ஒரு வளைகோடு வரைகிறோம். வாசிப்பிலிருந்து விலகினால் ஒரு தண்டம். கோடு வளைந்து நெளிந்தால் மற்றொரு தண்டம். இரண்டின் கூட்டுத்தொகை மிகக் குறைந்த கோட்டைத் தெரிந்து, அதன் சரிவை வேகமெனக் கொள்கிறோம்:

Σ(y − z)² + λ Σ(Δ²z)²

இங்கு y வாசிப்பு, z கோட்டின் மட்டம், λ நெளிவுக்கு விதிக்கும் தண்டத்தின் நிறை.

λ ஐ 1 என வைத்தால் வேகத்தின் வழு மணிக்குச் சுமார் 3 சென்ரிமீற்றராகக் குறையும். 1000 என வைத்தால் 0.2 அளவே, உச்ச வேகமும் நூற்றுக்கு ஒன்றுகூடக் குறையாது. 1,00,000 ஆக்கினால் வழு ஏறக்குறைய மறைந்துவிடும்; ஆனால் உச்ச வேகம் 12.6 இலிருந்து 7.6 ஆகத் தாழ்ந்துவிடும். இவ்வாறு எப்போதும் ஒரே பக்கமாய்த் தவறுவதே பக்கச்சாய்வு. கோடு பார்வைக்கு அழகாயிருப்பதால், கண்ணால் மட்டும் இதை அறிய முடியாது.

பின் எவ்வாறு அறிவது? வாசிப்பிலிருந்து கோட்டைக் கழித்து, மிச்சத்தைப் பாருங்கள். அது 1 சென்ரிமீற்றரளவில் ஒழுங்கின்றிச் சிதறியிருந்தால் நிறை தகும். அதனிலும் சிறிதாயின், கோடு வழுவையும் உள்வாங்கிவிட்டது. மிச்சமே 10 சென்ரிமீற்றர் ஏறி இறங்கும் வற்றுப்பெருக்காகத் தெரிந்தால், நிறை மிகுந்துவிட்டது.

ஓர் எல்லையும் உண்டு. 1000 என்னும் நிறை, அரைமணிக்கொருமுறை துறைமுகத்தில் எழும் தளம்பலையும் துடைத்துவிடும். அத்தளம்பலின் வேகமே வேண்டுமாயின், நிறையைக் குறைத்து, வாசிப்புகளை மேலும் நெருக்கமாக எடுத்தல் வேண்டும்.