ஒரே தொழிற்சாலைக்கு இரண்டு மனுக்கள்

1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில், ஒரே தொழிற்சாலை பல வேலைகளுக்கு ஆள் கேட்பதுண்டு. கிடைத்தது கிடைக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் மனுப் போடலாமா? கூடாது. பெரிய தொழிற்சாலைகளில் இன்று ஒருவருடைய மனுக்கள் அனைத்தும் கணினியில் அவர் பெயரின்கீழ் சேர்ந்தே தெரியும்.

பாடாங் செராய்ப் பெண் ஒருத்தி மின்னணுவியலில் டிப்ளோமா பெற்றவள் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரப் பராமரிப்பு, தரப் பரிசோதனை, கணக்குக் குமாஸ்தா என மூன்று வேலைகள் காலி. அவள் பயிற்சி முதல் இரண்டுக்கும் பொருந்தும். மூன்றாவதை விட்டுவிட வேண்டும்.

இரண்டுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பலாகாது. பராமரிப்புக்கு, பயிற்சியில் பழுது பார்த்ததை முதலில் எழுதட்டும். பரிசோதனைக்கு, அளந்து குறித்து வைத்ததை எழுதட்டும். ஆனால் தேதிகளும் கேட்கும் சம்பளமும் முரண்படக் கூடாது. முரண்பட்டால் சந்தேகம் எழும்.

இரு கடிதங்களின் முடிவிலும், “பராமரிப்பே என் முதல் விருப்பம், பரிசோதனைக்கும் மனுச் செய்துள்ளேன்” என்று ஒளிக்காமல் சொல்லட்டும்.

நேர்முகத் தேர்வில், “ஏனம்மா இரண்டு?” என்று கேட்பார்கள். “கோளாற்றைக் கண்டுபிடிப்பதே இரண்டிலும் வேலை, ஐயா” என்பதே பதில். இப்படி ஒரே வாக்கியத்தில் இணைக்க முடியாத வேலைகளுக்குச் சேர்த்து மனுப் போடாதீர்கள்.