இனிஷியலுக்கு இடமில்லாத படிவம்: தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எப்படிப் பிரித்து எழுதுவது?

புதுதில்லி: பாஸ்போர்ட், பான் அட்டை, விசா, விமானப் பயணச்சீட்டு ஆகியவற்றுக்கான படிவங்கள் பெரும்பாலும் பெயரை இரண்டு கட்டங்களாகப் பிரித்தே கேட்கின்றன. ஒன்று இயற்பெயருக்கானது; மற்றொன்று குடும்பப் பெயருக்கானது. தந்தை பெயரின் முதல் எழுத்தை மட்டும் முன்னால் இட்டுக்கொள்ளும் தமிழர்களுக்கு இந்த இரண்டாவது கட்டத்தில் எழுதுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. அந்தக் கட்டத்தை ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாக நிரப்பிவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இனிஷியல் ஏன் பொருந்துவதில்லை?

வட இந்தியாவிலும் மேலை நாடுகளிலும் குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது. தமிழ்ப் பெயரில் உள்ள தலைப்பெழுத்து அப்படிப்பட்டதன்று. அது தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. முன்பு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இடும் வழக்கம் இருந்தது. 1929-ஆம் ஆண்டு செங்கல்பட்டில் நடைபெற்ற சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிட வலியுறுத்தியது. பின்னர் தமிழகத்தில் அவ்வழக்கம் பெருமளவு மறைந்து, இனிஷியலும் இயற்பெயருமே ஒருவரின் முழுப்பெயராக நிலைபெற்றன. படிவம் கேட்கும் குடும்பப் பெயர் பலருக்கு இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனிஷியலை விரித்து எழுதுவதிலும் ஒரே முறை இருந்ததில்லை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயரில் தந்தை பெயர் முன்னால் நிற்கிறது. ஆகவே இயற்பெயரான சந்திரசேகர் என்பதே உலக அளவில் அவருடைய குடும்பப் பெயராகக் கொள்ளப்பட்டது. சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்தின் பெயரும் இதே அமைப்புடையது. சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பின் பட்டியலிலோ பிரக்ஞானந்தாவின் பெயர் Praggnanandhaa R என, இனிஷியல் பின்னால் வரும்படி இடம்பெற்றுள்ளது.

ஓர் எடுத்துக்காட்டு

திண்டுக்கல்லைச் சேர்ந்த மு. செந்தில்குமார் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். தந்தையின் பெயர் முருகேசன். பள்ளிச் சான்றிதழில் அவர் பெயர் SENTHILKUMAR M என்று அச்சாகியுள்ளது. அவர் முதன்முறையாகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறார்.

விண்ணப்பத்தில் Given Name என்ற கட்டமும் Surname என்ற கட்டமும் உள்ளன. இயற்பெயர்க் கட்டத்தில் இனிஷியலுக்கு அனுமதி இல்லை என்று விண்ணப்பமே குறிப்பிடுகிறது. ஆகவே M என்ற ஒற்றை எழுத்தை விட்டுவிட வேண்டும். அல்லது அதை முழுப்பெயராக விரிக்க வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டம் கட்டாயமானதன்று, வெறுமையாக விடலாம். எனவே அவர்முன் மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, Given Name கட்டத்தில் SENTHILKUMAR என்றும் Surname கட்டத்தில் MURUGESAN என்றும் எழுதுவது. இரண்டாவது, இதைத் தலைகீழாக்கித் தந்தை பெயரை முதலிலும் தம் பெயரைக் குடும்பப் பெயராகவும் எழுதுவது. மூன்றாவது, தம் பெயரை மட்டும் எழுதிக் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடுவது.

முதல் வழியில் பாஸ்போர்ட்டின் தகவல் பக்கத்தில், எந்திரம் படிக்கும் இரண்டு வரிகளுள் முதல் வரி இவ்வாறு அமையும்:

```
P<INDMURUGESAN<<SENTHILKUMAR<<<<<<<<<<<<<<<<
```

வரியில் மொத்தம் 44 இடங்கள். நாட்டுக் குறியீட்டை அடுத்துக் குடும்பப் பெயரும், இரட்டைக் குறிக்குப் பின் இயற்பெயரும் வருகின்றன. விமான நிலையங்களிலும் எல்லைச் சோதனையிலும் கருவி படிப்பது இந்த வரியைத்தான். தம் பெயர் எவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளது என்பதை அறிய விரும்புவோரும் இந்த வரியைப் பார்த்தால் போதும்.

இரண்டாவது வழியிலும் எந்திரத்துக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் முதற்பெயரைச் சொல்லி அழைக்கும் நாடுகளில் செந்தில்குமாரை அலுவலகத்தினர் "முருகேசன்" என்றே அழைப்பர். முதல் வழியில் அவர் செந்தில்குமார் என்று அழைக்கப்படுவார். முறைசார்ந்த கடிதங்கள் மட்டும் திரு. முருகேசன் என்று வரும். வெளிநாட்டில் படிக்கவோ பணிபுரியவோ செல்வோர்க்கு முதல் வழியே பொருந்தும்.

வெற்றிடம் விட்டால் நேர்வது

மூன்றாவது வழி எளிதாகத் தோன்றினாலும், அதன் விளைவு பின்னர்தான் தெரியவரும். ஒற்றைப் பெயரைக் கையாள்வதில் ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு விதி உள்ளது.

பாஸ்போர்ட்டில் SENTHILKUMAR என்பது இயற்பெயர்க் கட்டத்தில் இருக்கும். பான் அட்டைக்கான விண்ணப்பத்திலோ குடும்பப் பெயரே கட்டாயம். ஒற்றைப் பெயர் உடையவர் அதனைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலேயே எழுத வேண்டும் என்பது அதன் விதி. இரண்டும் நேர் எதிரானவை. அமெரிக்க விசாவுக்கான DS-160 படிவமும் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயராகவே கொள்கிறது. இயற்பெயர்க் கட்டத்தில் FNU என்ற மூன்று எழுத்துகளை இடச் சொல்கிறது. முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கமே அது. அங்கு சென்று தங்குவோர் சிலருக்கு ஓட்டுநர் உரிமத்தில்கூட இந்த FNU முதற்பெயராகவே ஒட்டிக்கொண்டுவிடுகிறது.

ஒற்றைப் பெயரால் பயணமே தடைப்படும் நிலை 2022-ஆம் ஆண்டு நவம்பரில் ஏற்பட்டது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ள பயணிகளை, குறிப்பாகச் சுற்றுலா விசாவில் வருவோரை, அனுமதிப்பதில்லை என ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்ததாக ஏர் இந்தியாவும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் சுற்றறிக்கை வெளியிட்டன. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்ற விளக்கம் பின்னர் வந்தது.

பயணச்சீட்டு முன்பதிவிலும் இதே நிலைதான். குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பாமல் பல தளங்களில் மேலே செல்ல இயலாது. M என்ற ஒற்றை எழுத்தை இட்டால், குறைந்தது இரண்டு எழுத்துகள் தேவை என்று தளம் மறுப்பதுண்டு. சில நிறுவனங்கள் இயற்பெயரையே இரு கட்டங்களிலும் எழுதச் சொல்கின்றன. சில FNU போன்ற குறியை ஏற்கின்றன. ஆகவே பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாதவர் பணம் செலுத்துமுன் அந்தந்த நிறுவனத்தின் விதியைக் கேட்டறிவதே பாதுகாப்பு. சீட்டு வழங்கப்பட்ட பின் பெயரைத் திருத்துவது எளிதன்று.

பான் எண்ணின் ஐந்தாம் எழுத்து

பான் அட்டையில் குடும்பப் பெயராக எது பதிவானது என்பதை எண்ணைக் கொண்டே அறியலாம். பத்து இடங்கள் கொண்ட அந்த எண்ணில் ஐந்தாவதாக வருவது, தனிநபராயின் அவரது குடும்பப் பெயரின் முதல் எழுத்து. செந்தில்குமார் MURUGESAN என்பதைக் குடும்பப் பெயராகத் தந்திருந்தால் அது M. ஒற்றைப் பெயராக விண்ணப்பித்திருந்தால் அது S.

பின்னாளில் பெயரைத் திருத்தினாலும் பான் எண் மாறுவதில்லை. எனவே திருத்திய பெயரும் ஐந்தாம் எழுத்தும் பொருந்தாதிருப்பது பிழையன்று. பான் விண்ணப்பத்திலும் இனிஷியலுக்கு இடமில்லை; பெயரை விரித்தே எழுத வேண்டும்.

ஆதாரில் பெயர் ஒரே வரியாகப் பதிவாவதால், அங்கு இந்தப் பிரிப்புச் சிக்கல் இல்லை. ஆனால் ஆதாரில் "SENTHILKUMAR M" என்றும் பான் அட்டையில் "SENTHILKUMAR MURUGESAN" என்றும் இருந்தால், இரண்டையும் ஒப்பிடும் கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு முதலியவற்றில் அது தடையாகக்கூடும்.

கவனிக்க வேண்டியவை

தந்தை பெயரை விரிக்கும்போது, அவருடைய ஆவணங்களில் உள்ள எழுத்துக்கூட்டலையே பின்பற்ற வேண்டும். தந்தையின் அட்டையில் MURUGESAN என்றிருக்க, மகன் MURUGESHAN என்று எழுதினால் புதிய முரண்பாடு தோன்றும்.

இயற்பெயரை இரு சொற்களாகப் பிரிப்பதிலும் கவனம் தேவை. SENTHIL KUMAR என இடைவெளி விட்டு எழுதி, குடும்பப் பெயரை வெறுமையாக விட்டால், கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும் கணினிகளில் KUMAR என்பதே குடும்பப் பெயராகிவிடும். பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி SENTHILKUMAR M என ஒரே வரியில் தந்தால், அதே முறையில் M என்பது குடும்பப் பெயராகும்.

தந்தை பெயரைக் குடும்பப் பெயராகக் கொள்வதில் ஒரு வரம்பு உண்டு. செந்தில்குமாரின் குடும்பப் பெயர் MURUGESAN. அவர் மகளின் குடும்பப் பெயர் SENTHILKUMAR. மனைவிக்கு அவருடைய தந்தையின் பெயர். ஒரே குடும்பத்தில் மூன்று குடும்பப் பெயர்கள் இருப்பதால், குழந்தையுடன் வெளிநாடு செல்லும்போது உறவைக் குறித்துக் கேள்வி எழலாம். பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழை உடன் வைத்திருப்பது அப்போது உதவும். திருமணத்துக்குப் பின் மனைவி தம் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

குடும்பப் பெயர் இல்லாத பழைய பாஸ்போர்ட் செல்லாததாகிவிடாது. மாற்ற விரும்புவோர் தனிப்பட்ட விவரங்களில் மாற்றம் என்ற காரணத்தின்கீழ், உரிய சான்றுகளுடன் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். செல்லுபடியாகும் விசா கையில் இருப்பவர், அதிலுள்ள பெயர் புதிய பாஸ்போர்ட்டுடன் பொருந்தாமல் போகும் என்பதை மனத்தில் கொண்டு அதற்கான காலத்தை முடிவு செய்ய வேண்டும்.

புதிதாக விண்ணப்பிப்போரைப் பொறுத்தவரை வரிசை முக்கியமானது. முதலில் ஆதாரில் பெயரை விரித்துத் திருத்திக்கொண்டு, அதன்படி பாஸ்போர்ட்டையும் பான் அட்டையையும் பெற வேண்டும். அதன்பின் விசாவிலும் பயணச்சீட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பிரிப்பையே எழுத்து மாறாமல் எழுதினால் போதுமானது.