பெயர் போய் எண் வந்தால் போதுமா? ஆய்வுக்குத் திரட்டப்படும் செல்பேசி உரையாடல்கள்

புது தில்லி: செல்பேசி உரையாடல்களை ஆய்வுக்காகத் திரட்டும்போது பெயரை நீக்கிவிட்டுக் குறியீட்டு எண்ணை இட்டால், பேசியவர் யாரென்று எவருக்கும் தெரியாது என்பது ஆய்வுலகில் நெடுநாள் நம்பிக்கை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுப் பணிகளுக்கு விலக்கு அளித்திருப்பதால், இந்த நம்பிக்கை எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பது இப்போது சட்டப் பிரச்னையாகவும் ஆகிவிட்டது.

சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, திரட்டப்படும் தகவலைக் கொண்டு எந்தத் தனிநபரைப் பற்றியும் முடிவு எடுக்கப்படாது என்றால், அரசு வகுத்துள்ள தரநிலைகளைப் பின்பற்றும் ஆய்வுகளுக்குச் சட்டத்தின் நிபந்தனைகள் பொருந்தாது. ஒப்புதல் பெற வேண்டும் என்ற நிபந்தனையும் அவற்றுள் அடங்கும். 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகளின் இரண்டாவது அட்டவணையில் அந்தத் தரநிலைகள் உள்ளன. தேவையான அளவுக்கு மட்டும் திரட்டுதல், தேவைப்படும் காலம் வரை மட்டும் வைத்திருத்தல், பாதுகாப்பாக வைத்தல் என அவை பொதுப்படையாகவே உள்ளன. பெயரை மறைப்பது எப்படி என்ற விவரம் அதில் இல்லை.

இதற்கு முன் 2019-இல் மக்களவையில் அறிமுகப்படுத்தப்பட்டு, 2022 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்ட மசோதா இந்த விஷயத்தில் கண்டிப்பாக இருந்தது. அடையாளம் நீக்கப்பட்ட தகவலிலிருந்து ஒருவரை அனுமதியின்றி மீண்டும் அடையாளம் காண்பது குற்றம் என்றும், அதற்கு 3 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படியொரு பிரிவு இல்லை. 

உத்தரப் பிரதேச ஆய்வு

இந்தியாவில் இத்தகைய ஆய்வு நடந்த முறைக்கு நல்ல உதாரணம், கிரண் கரிமெல்லா, சைமன் ஷோஷார் ஆகிய ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசத்தில் மேற்கொண்ட வாட்ஸ்ஆப் ஆய்வு. சுமார் 500 பேரிடம் ஒப்புதல் பெற்று, அவர்கள் உறுப்பினராக உள்ள குழுக்களின் செய்திகளைத் திரட்டினர். பங்கேற்பவர் தம் செல்பேசியால் ஒரு கட்டக் குறியீட்டை ஸ்கேன் செய்ய வேண்டும். கணினியில் வாட்ஸ்ஆப்பைத் திறப்பது போன்றதே இது. திரையில் குழுக்களின் பட்டியல் தோன்றும். தர விரும்பாத குழுக்களை அவரே விலக்கிவிடலாம். இருவருக்கு இடையிலான தனி உரையாடல்களும், மிகச் சிறிய குழுக்களும் எடுக்கப்படுவதில்லை. தொலைபேசி எண்கள் தானாக நீக்கப்பட்டு, படங்களில் உள்ள முகங்கள் மங்கலாக்கப்படும்.

பலமுறை பகிரப்பட்டவை என்று வாட்ஸ்ஆப்பே அடையாளமிட்ட 1,858 செய்திகளை அவர்கள் தனியே ஆராய்ந்தனர். செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டவை அவற்றில் சுமார் 1 சதவீதமே எனத் தெரிந்தது. தேர்தல் வதந்திகளைப் பற்றிய ஊகங்களுக்கு நடுவே இது கையில் பிடிக்கக்கூடிய ஓர் எண். உள்ளே நுழைந்து பதிவு செய்யாமல் இதைக் கண்டறிய வேறு வழியும் இல்லை. ஆனால் ஒரு குழுவில் 200 பேர் இருந்து, ஒருவர் மட்டும் ஒப்புதல் அளித்தால், மற்ற 199 பேரும் தம்மைக் கேட்காமலேயே ஆய்வுக்குள் வந்துவிடுகின்றனர். அவர்களுக்கு உள்ள ஒரே பாதுகாப்பு, அடையாளத்தை மறைக்கும் பணி ஒழுங்காக நடப்பதுதான்.

அந்தப் பணியில் முதல் சறுக்கல் தொலைபேசி எண்ணிலேயே நேர்கிறது. எண்ணை ஒரு கணித வாய்பாட்டின் மூலம் புரியாத எழுத்து வரிசையாக மாற்றிவிட்டு, அதையே குறியீடாகப் பயன்படுத்துவது பலரது வழக்கம். இந்தியச் செல்பேசி எண்கள் 10 இலக்கம் கொண்டவை. 6 முதல் 9 வரையிலான இலக்கங்களில்தான் தொடங்கும். ஆக, சாத்தியமான எண்கள் மொத்தமே 400 கோடி. அத்தனையையும் அதே வாய்பாட்டில் போட்டுப் பார்த்து அசல் எண்ணைக் கண்டுபிடிக்க இன்றைய கணினிக்குச் சில நிமிடங்கள் போதும். குலுக்கல் முறையில் குறியீடு தந்து, எந்தக் குறியீடு யாருக்கு உரியது என்ற பட்டியலைத் தனியே பூட்டி வைப்பதே சரியான முறை. குறியீட்டிலேயே ஊர், பாலினம், வயது ஆகியவற்றின் சுருக்கங்களைச் சேர்ப்பதும் கூடாது. ஆய்வாளருக்கு அது வசதி. தேடுபவருக்கும் அதே வசதி.

பள்ளிவாசலில் நடந்தால்...

சிறிய ஊர்களில் குறியீடு எவ்வளவு சீக்கிரம் அவிழும் என்பதற்கு, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மூணாறை அடுத்துள்ள பள்ளிவாசலைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-இல் இயங்கத் தொடங்கிய ஊர் இது. சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வேலை செய்வோரில் பெரும்பாலோர் தமிழர்கள். 2015-இல் மூணாறில் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைமைகளை ஒதுக்கிவிட்டு நடத்திய போனஸ் போராட்டத்துக்குப் பின், தோட்டத் தொழிலாளர்கள் தமக்குள் என்ன பேசிக்கொள்கின்றனர் என்பதில் அரசியல் ஆய்வாளர்களுக்கு ஆர்வம் எழுவது இயல்பே.

அங்கு ஒரு தொழிலாளர் குழுவின் உரையாடலை ஆய்வாளர் ஒருவர் ஒப்புதலுடன் பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 14 என்ற குறியீடு பெற்றவர், "பிள்ளைங்க பாலுக்கு மூணு மாசமா எழுதிக் கேக்குறேன், பதிலே இல்ல" என்று எழுதுகிறார். இதில் பெயரோ, எண்ணோ இல்லை. ஆனால் குழந்தைகள் காப்பகத்தைப் பார்த்துக்கொள்பவர் அந்தத் தோட்டப் பிரிவில் ஒருவரே என்றால், அந்த ஒரு வரியே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு 14 என்ற எண்ணுக்குக் கீழ் உள்ள எல்லா வரிகளும், நிர்வாகத்தையும் சங்கத்தையும் பற்றி அவர் சொன்னவை உள்பட, அவருடையவை என்று தெரிந்துவிடும். வேலை போனால் லயத்தில் உள்ள வீடும் போகும் இடத்தில் இது சாதாரண விஷயமல்ல.

தானாகப் பெயர் நீக்கும் மென்பொருள்களைத் தமிழ் திணறடிக்கிறது. செல்வி, மலர், கதிர் ஆகியவை பெயர்களும் ஆகும், வெறும் சொற்களும் ஆகும். "செல்விக்கு", "செல்வியோட" என உருபுகள் ஒட்டும். பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவர். மூணாறுப் பக்கம் மலையாளமும் கலக்கும். ஊர்ப் பெயரை நீக்கும்படி உத்தரவிட்டால், "பள்ளிவாசல் பக்கத்துல" என்ற வரியில் இருப்பது ஊரா, தொழுகைக் கூடமா என்று கணினி குழம்பும். குரல் பதிவுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தப் பகுதிப் பேச்சை அறிந்த ஒருவர் வரி வரியாகப் படித்துத் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. முடிந்தபின், அதே தோட்டத்தைச் சேர்ந்த நம்பகமான ஒருவரிடம் சில பக்கங்களைத் தந்து, பேசுவது யாரென்று சொல்ல முடிகிறதா எனச் சோதிக்கலாம். அவர் ஒருவரைச் சரியாகச் சொல்லிவிட்டாலும், அந்தப் பதிவை வெளியிடக் கூடாது.

வெளியிட்டதைத் திரும்பப் பெற முடியாது என்பதை 2006-இல் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் கண்டது. சுமார் 6.5 லட்சம் பேரின் இணையத் தேடல்களை, பெயருக்குப் பதில் எண் இட்டு ஆய்வாளர்களுக்காக அது வெளியிட்டது. அங்கு யாரிடமும் ஒப்புதல் கேட்கப்படவில்லை. சில நாள்களில், தேடிய சொற்களை மட்டும் வைத்து ஓர் எண்ணுக்குரிய மூதாட்டியை நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் தேடிச் சென்று சந்தித்தனர். நிறுவனம் பதிவை நீக்கியபோது, பிரதிகள் ஏற்கெனவே பரவிவிட்டிருந்தன.

ஒப்புதல் படிவங்களில் பெரும்பாலும் விடுபடும் ஒரு விவரமும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று படிவம் கூறும். விலகுபவரின் வரிகளை நீக்க வேண்டுமானால், அவருடைய குறியீடு எது என்பது தெரிய வேண்டும். அதற்குப் பெயர்ப் பட்டியல் இருக்க வேண்டும். பட்டியல் இருக்கும்வரை அது வேறொருவர் கைக்குப் போகும் ஆபத்தும் இருக்கும். அழித்துவிட்டால் ஆபத்து குறையும். ஆனால் அதன்பின் யாரும் விலக முடியாது. பட்டியல் எந்தத் தேதியில் அழிக்கப்படும், அதுவரை அது யாரிடம் இருக்கும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே, கையெழுத்திடுபவரின் மொழியில், தெரிவித்தாக வேண்டும்.