டிக்கெட்டில் ஒரு கம்பெனி. ஓட்டியது வேறு கம்பெனி!

2009 பிப்ரவரி 12. இரவு 10.17 மணி.

அமெரிக்காவில் நெவார்க் நகரிலிருந்து பஃபலோவுக்குப் போன விமானம், இறங்க சில மைல் தூரமே இருந்தபோது ஒரு வீட்டின் மேல் விழுந்து தீப்பிடித்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் மாண்டனர். வீட்டுக்குள் இருந்த ஒருவரும் பலியானார்.

பயணிகள் வைத்திருந்தது "கான்டினென்டல்" கம்பெனி டிக்கெட். விமானத்தின் மேல் அடித்திருந்த பெயரும் அதுதான். ஆனால் தரையிலிருந்து ரேடியோவில் அந்த விமானத்தைக் கூப்பிட்ட பெயர் என்ன தெரியுமா? "கோல்கன் 3407"!

கோல்கன் என்பது பெரிய கம்பெனிகளுக்காக ஒப்பந்தத்தில் விமானம் ஓட்டிய சின்ன கம்பெனி. விமானியும் துணை விமானியும் அதன் ஆட்கள். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்ததும், கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டிய விமானி பின்னால் இழுத்துவிட்டார். பயிற்சித் தேர்வுகளில் அவர் பலமுறை தோற்றவர் என்பது விசாரணையில் அம்பலமானது.

பலியானவர்களின் குடும்பத்தார் விடவில்லை. வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தார்கள். 2010 ஆகஸ்டில் சட்டம் வந்தது. இன்டர்நெட்டில் டிக்கெட் தேடினால், முதலில் வரும் பட்டியலிலேயே ஓட்டுகிற கம்பெனியின் பெயரைப் பளிச்சென்று காட்டியாக வேண்டும்.

மீனம்பாக்கத்தில்...

நம்ம மீனம்பாக்கத்திலும் இந்த இரட்டைப் பெயர் உண்டு. புறப்பாடு போர்டில் ஒரே ஊர், ஒரே நேரம், ஒரே கேட். நம்பர் மட்டும் மாறி மாறி வரும். விமானம் இரண்டல்ல, ஒன்றுதான்!

டிக்கெட் தேடும்போதும் அப்படியே. புறப்படும் நேரமும் சேரும் நேரமும் நிமிஷம் பிசகாமல் ஒத்துப்போய், நம்பரும் விலையும் மட்டும் வேறாக இருந்தால் உஷார். நம்பருக்கு முன்னால் உள்ள இரண்டு எழுத்து, விற்கிற கம்பெனியைத்தான் சொல்லும். UA என்றால் யுனைடெட். அதன் கீழே பொடி எழுத்தில் Operated by Lufthansa என்றிருந்தால், உங்களை ஏற்றிப்போவது லுஃப்தான்சா. (பொடி எழுத்தை யார் படிக்கிறாங்க?)

இதைப் பார்க்காதவர்கள் விடிகாலையில் பெட்டியோடு தப்பான கவுண்டர் வரிசையில் நிற்கிறார்கள். ஓட்டுகிற கம்பெனியின் கவுண்டருக்குத்தான் போக வேண்டும். அதற்குத் தனி பி.என்.ஆர். இருக்கலாம். டிக்கெட் வாங்கும்போதே கேட்டு வாங்கிக்குங்க. கையில் உள்ள நம்பர் அந்த கம்பெனியின் வெப்சைட்டில் செல்லவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வெளிநாட்டுப் பயணத்தில் பெட்டி வராமல் போனால், "எங்க விமானம் இல்லை" என்று விற்ற கம்பெனி கைகழுவ முடியாது. இந்தியாவும் 2009-ல் சேர்ந்த மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, விற்றவர், ஓட்டியவர் இருவரில் யாரிடம் புகார் எழுதிக் கொடுத்தாலும் செல்லும். பெட்டி தாமதமாகக் கிடைத்தால், கைக்கு வந்து 21 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.