ஒரே பெயர், மூன்று கத்தரிகள்

கணினித் திரையின் ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுக்க யாரைக் கேட்டாலும் "ஸ்னிப்பிங் டூலைத் திறங்க" என்பார்கள். ஆனால், அதைத் திறந்ததும் எல்லோருக்கும் ஒரே மாதிரியான சன்னல் வருவதில்லை. "மேலே வீடியோ படம் இருக்கும் பாருங்க, அதை அழுத்துங்க" என்று போனில் ஒருவர் சொல்ல, "அப்படி எதுவும் இல்லையே" என்று மற்றவர் விழிப்பது அலுவலகங்களில் அடிக்கடி நடக்கிறது. இருவர் சொல்வதும் சரிதான். அந்தப் பெயருக்குப் பின்னால் வெவ்வேறு மென்பொருள்கள் இருக்கின்றன.

முதலாவது, பழைய ஸ்னிப்பிங் டூல். பேனாவால் எழுதும் டேப்லெட் கணினிகளுக்காக மைக்ரோசாஃப்ட் தனியே தந்த இணைப்பாகத்தான் இது தொடங்கியது. 2007-இல் விஸ்டாவுடன் விண்டோஸுக்குள்ளேயே இடம்பிடித்தது. 2009-இல் வந்த விண்டோஸ் 7-இல் பலருக்கும் பழக்கமானது. இது விண்டோஸின் உறுப்பாக, அதே வட்டில், சிஸ்டம்32 என்ற கோப்புறைக்குள் இருந்தது. அதனால் விண்டோஸ் மாறினால்தான் இதுவும் மாறும். காத்திருந்து படமெடுக்கும் Delay வசதி விண்டோஸ் 10 வந்த 2015 வரை இதில் இல்லை. திறந்திருக்கும் மெனுவைப் படமெடுக்க விண்டோஸ் 7-இல் ஒரு குறுக்கு வழி தேவைப்பட்டது. டூலைத் திறந்து Esc அழுத்தி, மெனுவை விரித்து, பிறகு Ctrl-உடன் Print Screen அழுத்த வேண்டும்.

இரண்டாவது, ஸ்னிப் அண்டு ஸ்கெட்ச். 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-இன் 1809 பதிப்போடு வந்தது. படமெடுத்த உடனே பேனாவால் வட்டம் போட, அம்பு வரைய உதவும் செயலி இது. விண்டோஸின் உறுப்பாக இல்லாமல் ஸ்டோர் வழியே வந்ததுதான் முக்கியமான மாற்றம். விண்டோஸின் அடுத்த பதிப்புக்குக் காத்திராமல் செயலியை மட்டும் புதுப்பிக்க முடிந்தது. பழைய டூல் "புதிய வீட்டுக்குப் போகிறது" என்று அதன் சன்னலிலேயே ஓர் அறிவிப்பும் வந்தது. ஆனால், பழையதை விண்டோஸ் 10-லிருந்து கடைசிவரை எடுக்கவில்லை. அதனால்தான் ஒரே விண்டோஸ் 10 கணினியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

மூன்றாவது, விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூல். 2021-இல் இரண்டையும் ஒன்றாக்கி, மக்களுக்குப் பழகிய பழைய பெயரையே வைத்தார்கள். பெயர்தான் பழையது, உள்ளே இருப்பது ஸ்னிப் அண்டு ஸ்கெட்சின் வாரிசு. அதற்குச் சான்று வேண்டுமானால் பவர்ஷெல்லைத் திறந்து இந்த ஒரு வரியை அடித்துப் பாருங்கள்:

```
Get-AppxPackage Microsoft.ScreenSketch
```

விண்டோஸ் 10-இல் ஸ்னிப் அண்டு ஸ்கெட்சுக்கும் விண்டோஸ் 11-இல் ஸ்னிப்பிங் டூலுக்கும் இதே உள்பெயர்தான். விடையில் Version என்ற வரியில் செயலியின் பதிப்பு எண்ணும் தெரியும்.

ஸ்டோர் வழியே வருவதால் விண்டோஸ் 11-இல் இந்தச் செயலி ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. 2023 தொடக்கத்தில் திரையை வீடியோவாகப் பதிவுசெய்யும் வசதி பரவலாக வந்தது. படத்திலுள்ள எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி அதன் பிறகு சேர்ந்தது. ஆகவே, இரு கணினிகளிலும் விண்டோஸ் 11 இருந்தாலும், ஒன்றில் மட்டும் வீடியோ படம் தெரியலாம். ஸ்டோரைப் பூட்டி வைத்திருக்கும் அலுவலகக் கணினிகளில் செயலி பழைய பதிப்பிலேயே நின்றுவிடுவதும் உண்டு.

சரி, உங்களிடம் இருப்பது எது? முதலில் விண்டோஸைப் பாருங்கள். விண்டோஸ் விசையுடன் R அழுத்தி, `winver` என்று அடித்து Enter தட்டினால் ஒரு சிறு சன்னல் வரும். அதில் ஒரு பொறி இருக்கிறது. 22H2 என்ற பதிப்புப் பெயர் விண்டோஸ் 10-க்கும் உண்டு, 11-க்கும் உண்டு. அதனால் OS Build என்பதன் பக்கத்திலுள்ள எண்ணைப் பாருங்கள். 22000 அல்லது அதற்கு மேல் இருந்தால் விண்டோஸ் 11. 19045 என்றால் விண்டோஸ் 10.

அடுத்து சன்னலைப் பாருங்கள். New, Mode, Delay, Cancel, Options என்ற சொற்கள் வரிசையாக உள்ள சிறிய பட்டை வந்தால் அது பழைய டூல். New என்பதை ஒட்டிக் கீழ்நோக்கிய அம்பும், அதைத் தட்டினால் 3 வினாடி, 10 வினாடி என்ற தேர்வுகளும் வந்தால் அது ஸ்னிப் அண்டு ஸ்கெட்ச். கேமராப் படமும் வீடியோ படமும் அருகருகே இருந்தால் விண்டோஸ் 11-இன் புதிய டூல். புதிய இரண்டிலும் மூன்று புள்ளிகளைத் தட்டி Settings போனால் பதிப்பு எண் கிடைக்கும்.

விண்டோஸ் விசை, Shift, S மூன்றையும் சேர்த்து அழுத்துவதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். புதிய இரண்டுமே அதற்கு மேலே ஒரு சிறு பட்டையைக் காட்டும். வேறுபாடு அதற்குப் பிறகுதான் தெரியும். விண்டோஸ் 10-இல் படம் கிளிப்போர்டுக்குப் போகும், நாமாகச் சேமிக்காவிட்டால் தொலைந்துவிடும். விண்டோஸ் 11-இன் இன்றைய பதிப்புகளில் நாம் மாற்றாதவரை அது Pictures கோப்புறைக்குள் Screenshots என்ற இடத்தில் தானாகவே சேமிக்கப்படும்.

இதையெல்லாம் தெரிந்துகொள்வது எவ்வளவு முக்கியம் என்பதை 2023 மார்ச்சில் வெளிப்பட்ட ஒரு குறை காட்டியது. ஒருவர் வங்கிக் கணக்குப் பக்கத்தைப் படமெடுத்துச் சேமிக்கிறார். பிறகு கணக்கு எண் தெரியும் பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, அதே கோப்பின் மேலேயே மறுபடி சேமிக்கிறார். புதிய படம் சிறியது, பழையது பெரியது. கோப்பின் முன்பகுதியில் புதிய படம் எழுதப்பட்டது. ஆனால் மிஞ்சிய பழைய வால்பகுதி வெட்டப்படாமல் அப்படியே கிடந்தது. திறந்து பார்த்தால் வெட்டிய படம்தான் தெரியும். விவரம் தெரிந்தவர் அந்த வாலிலிருந்து, நீக்கியதாக நினைத்த பகுதியில் ஒரு பங்கையாவது மீட்டெடுக்க முடியும். கிளிப்போர்டிலிருந்து நேராக மின்னஞ்சலில் ஒட்டிய படங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

குறை இருந்தது ஸ்னிப் அண்டு ஸ்கெட்சிலும் விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலும்தான். விண்டோஸ் 10-இன் பழைய டூலுக்கு அது இல்லை என்று மைக்ரோசாஃப்டே அறிவித்தது. "ஸ்னிப்பிங் டூலில் கோளாறு" என்ற செய்தியைப் படித்த விண்டோஸ் 10 பயனர், தன்னிடமுள்ள அதே பெயர்கொண்ட டூலைச் சந்தேகித்திருப்பார். உண்மையில் அவர் கவனிக்க வேண்டியிருந்தது பக்கத்திலிருந்த மற்றொன்றை. திருத்தம் ஸ்டோர் வழியே வந்தது. விண்டோஸ் 11-இல் 11.2302.20.0, விண்டோஸ் 10-இல் 10.2008.3001.0 என்ற எண்ணோ அதற்குப் பிந்தையதோ இருந்தால் இந்தக் குறை இல்லை.

உங்கள் எண் அதைவிடக் குறைவாக இருந்தால் ஸ்டோரில் செயலியைத் தேடி Update அழுத்துங்கள். பழைய பதிப்பில் வெட்டி, அதே கோப்பில் சேமித்த படங்கள் இந்தப் புதுப்பிப்பால் தாமாகச் சரியாகாது. அவற்றை யாருக்கும் அனுப்பாமல் புதிதாகப் படமெடுத்து அனுப்புங்கள்.